சொந்தக் கிடங்கா, ஃபுல்ஃபில்மென்ட் சேவையா? முதலில் ஆர்டருக்கு எத்தனை பொருள் என்று பாருங்கள்

கோலாலம்பூரில் பூஜைப் பொருள் விற்கும் எங்களுக்கு வீட்டு முன்னறை போதாமல் போனபோது இந்தக் கணக்கைப் போட்டோம். நம் சரக்கைத் தங்கள் கிடங்கில் வைத்து, ஆர்டர் வந்ததும் எடுத்துக் கட்டி அனுப்பித் தருவதுதான் ஃபுல்ஃபில்மென்ட் சேவை. மாதம் 900 ஆர்டர். கீழேயுள்ள வாடகையும் கட்டணமும் உதாரணத்துக்குத்தான். உங்களுக்குக் கிடைத்த விலையை வைத்துப் போடுங்கள்.

படி 1: சொந்தக் கிடங்கின் மாதச் செலவு. மாடிக் கடைவீட்டு வாடகை 1,200 வெள்ளி, மின்சாரமும் இணையமும் 200. ஓர் ஊழியருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700. முதலாளி கட்டும் 13 விழுக்காடு சேமநிதியும் சொக்சோவும் சேர்ந்தால் ஏறக்குறைய 1,950. ஆக மொத்தம் 3,350. முன்பணம் தனி: வழக்கமாக இரண்டு மாத வைப்புத்தொகை, அரை மாதம் மின்சாரம், தண்ணீருக்கு, அதோடு முதல் மாத வாடகை.

படி 2: ஆர்டருக்குச் சராசரியாக எத்தனை பொருள். பலர் தடுமாறுவது இங்கேதான். சேவை நிறுவனம் ‘ஆர்டருக்கு 2.50’ என்று சொல்லும். அது முதல் பொருளுக்கு மட்டும். அடுத்த ஒவ்வொன்றுக்கும் 50 சென் கூடும்.

ஷோப்பியிலிருந்து ஆர்டர் பட்டியலை எக்ஸெல் கோப்பாக இறக்குங்கள். ஒரே ஆர்டரில் மூன்று வகைப் பொருள் இருந்தால் அது மூன்று வரிசையாக வரும். அதனால் வரிசைகளை எண்ணி ஆர்டர் எண்ணிக்கை என்று கொள்ளக்கூடாது. ரத்தானவற்றை நீக்கிவிட்டு, A-இல் ஆர்டர் எண், F-இல் அளவு என்றால்:

```
=SUM(F2:F2000)/COUNTA(UNIQUE(A2:A2000))
```

2000-க்குப் பதில் உங்கள் கடைசி வரிசை எண்ணைப் போடுங்கள். இதற்கென்று மென்பொருள் வாங்காதீர்கள், எக்ஸெல் 2021 அல்லது அதற்குப் பிந்தையது போதும்; அதற்கு முந்தையவற்றில் UNIQUE வேலை செய்யாது.

எங்களுக்கு வந்த விடை 3. விளக்கு வாங்குபவர் திரியும் சாம்பிராணியும் சேர்த்தே வாங்குவார். அப்படியென்றால் ஆர்டருக்கு 3.50, 900-க்கு 3,150. எட்டு கன மீட்டர் சரக்குக்கு, கன மீட்டர் 40 வீதம் 320. மொத்தம் 3,470. சொந்தக் கிடங்கே மலிவு.

படி 3: செட்டாகக் கட்டிப் பாருங்கள். அந்த 900-இல் 600 பேர் வாங்குவது ஒரே மூன்று பொருள். அவற்றை முன்கூட்டியே ஒரே பெட்டியில் போட்டு, ஒரே பார்கோடு ஒட்டி அனுப்பினால் அது ஒரு பொருள். 600-க்கு 1,500, மீதி 300-க்கு 1,050, கிடங்கு 320. மொத்தம் 2,870. இப்போது சேவை 480 வெள்ளி மலிவு. செட் கட்டுவதை வீட்டிலேயே செய்யுங்கள். அவர்களிடம் விட்டால் அதற்கும் கட்டணம் உண்டு.

படி 4: ஒப்பந்தத்தில் இரண்டு கேள்வி. மாதக் குறைந்தபட்சக் கட்டணம் எவ்வளவு? தீபாவளிச் சரக்கை எந்தத் தேதிக்குள் உள்ளே அனுப்ப வேண்டும்? இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

பின்சேர்க்கை: புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு வாசகி, செட்டில் கற்பூரம் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தார். கற்பூரம் தீப்பற்றும் திடப்பொருள் வகையில் வருவது. நிறுவனமும் கூரியரும் ஏற்கிறார்களா என்று கேட்காமல் சேர்க்காதீர்கள்; மறுத்தால் முழு செட்டும் நின்றுவிடும். கற்பூரத்தைத் தனி ஆர்டராக வீட்டிலிருந்து அனுப்ப நினைத்தாலும் அதே கேள்வியைக் கூரியரிடம் கேட்டுவிடுங்கள்.