பாம்பு வராமல் இருக்க டார்ச் சோதனை

ராத்திரி வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஒருவரை வெளியே நின்று கதவடியில் டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே வெளிச்சக் கீற்று எங்கே தெரிகிறதோ அங்கே, குறிப்பாகச் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால், குட்டிப் பாம்பு தாராளமாக வரும். கதவின் அடியில் தரையைத் தொடுகிற மாதிரி ரப்பர் பட்டை அடித்துவிடுங்கள், கழிவுநீர் வெளியேறும் குழாய் வாய்க்கு 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலை போடுங்கள்.

பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை, எலியையும் தவளையையும் தேடி, சுவரோரமாகவே ஊர்ந்து வந்து, கிடைத்த இடுக்கில் நுழைந்துவிடும். அதனால்தான் இடுக்கை அடைப்பது பலிக்கிறது. பினாயில், பூண்டுத் தண்ணீர் எல்லாம் தெளிப்பது வீண் செலவு, அந்த வாசனைக்குப் பாம்பு பயந்து ஓடாது. ரப்பரை எலி கடித்திருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பாருங்கள்.

கூரையை உரசும் மரக்கிளை இருந்தால் கதவை அடைத்து மட்டும் பயனில்லை, கிளையையும் வெட்ட வேண்டும். பாம்பு ஏற்கனவே உள்ளே வந்துவிட்டது என்றால் எதையும் அடைக்காதீர்கள். குழந்தைகளையும் நாயையும் வெளியேற்றி, தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று கண் வைத்தபடியே, வனத்துறைக்கோ பயிற்சி பெற்ற பாம்பு மீட்பவருக்கோ போன் செய்யுங்கள். விஷமில்லாத பாம்பு மாதிரி தெரிகிறதே என்று கம்பை எடுக்க வேண்டாம்.