கோசம்பரியில் தொடங்குவோம்: பிள்ளைகளுக்குக் கத்தியும் அடுப்பும் பழக்கும் முறை

பெங்களூருக்கு வந்த புதிதில் ராம நவமிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பானகம், நீர்மோரோடு ஒரு கிண்ணம் கோசம்பரியும் வந்தது. ஊறிய பாசிப்பருப்பில் வெள்ளரியும் தேங்காயும் கலந்து தாளித்துக் கொட்டும் பண்டம், நம் ஊர் வடைப்பருப்புக்கு உறவுதான். இன்று அல்சூரில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சமையல் பழகுவது இதில்தான். இதில் முக்கால்வாசி வேலைக்கு நெருப்பே வேண்டாம். தாளிப்புக்கு மட்டும் கடைசியில் ஐந்து நிமிடம் அடுப்பு. குளிர்ந்த வேலை எது, சூடான வேலை எது என்று கோடு போட்டுப் பிரிக்க இதைவிட வசதியான பண்டம் எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் மூன்று கைகள்: நான்கு வயது மகள், விடுமுறைக்கு வந்திருக்கும் ஏழு வயது தங்கை மகள், பதினொரு வயது மகன். வேண்டியவை: பாசிப்பருப்பு அரை கப், பெரிய வெள்ளரிக்காய் ஒன்று, கேரட் ஒன்று, தேங்காய்த் துருவல் மூன்று ஸ்பூன், பச்சை மிளகாய் ஒன்று, எலுமிச்சை அரை மூடி, கொத்தமல்லி, உப்பு. தாளிக்க இரண்டு டீஸ்பூன் எண்ணெய், அரை டீஸ்பூன் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை.

முதலில் இடம்

எங்கள் சமையலறையில் இரண்டு பேர் நின்றாலே முட்டிக்கொள்வார்கள். அதனால் குளிர்ந்த வேலை முழுவதும் சாப்பாட்டு மேஜையில். அடுப்பிலிருந்து மூன்று அடி தள்ளித் தரையில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். அடுப்பு எரியும்போது சின்னவர்கள் இருவரும் அதைத் தாண்டக் கூடாது. "கிட்ட வராதே" என்பது குழந்தைக்குப் புரியாது. டேப் புரியும்.

கத்தியோ அடுப்போ இருக்கும் நேரம் என் போன் வேறு அறையில் இருக்கும். ஒரு நேரத்தில் மேஜையில் ஒரே கத்தி. அதைப் பிடித்திருக்கும் பிள்ளை என் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நான்கு வயதுக்கு

பருப்பை மூன்று தண்ணீரில் அலசி ஒரு மணி நேரம் ஊற வைப்பது அவள் வேலை. தண்ணீர் தரையில் கொட்டும், துணியும் அவளிடமே இருக்கட்டும். அடுத்து கொத்தமல்லி ஆய்வது. அப்புறம் கறிவேப்பிலையை உருவி, துணியில் ஒற்றி ஈரமில்லாமல் எடுப்பது. விளையாட்டு வேலை போல இருந்தாலும், ஈர இலை சூடான எண்ணெயில் விழுந்தால் தண்ணீர் சட்டென்று ஆவியாகி எண்ணெய் தெறிக்கும். அண்ணன் கையில் எண்ணெய் படாமல் இருப்பது தங்கை துடைப்பதைப் பொறுத்தது. நான் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டே அடுப்புக்கு அனுப்புவேன்.

இந்த வயதில் கேரட் துண்டைக் கடிக்கக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். துருவியதைக் கொடுங்கள்.

ஏழு வயதுக்குக் கத்தி

வெள்ளரிக்காய் உருண்டை, அதனால் உருளும். அதுதான் ஆபத்து. முதலில் நான் அதை நீளவாக்கில் நான்காகப் பிளந்துவிடுவேன். இப்போது தட்டையான பக்கம் பலகையில் படிந்து உட்காரும். பலகைக்கு அடியில் ஈரத் துணி போட்டால் பலகையும் நகராது.

பிடிக்கும் கைதான் பாடம். விரல்களை நீட்டி வைக்கக் கூடாது. பூனை பாதத்தை மடக்குவது போல நுனிகளை உள்ளே இழுத்து, கட்டைவிரலைப் பின்னால் ஒளித்து, கணுக்கள் மட்டும் கத்திப் பக்கம் தெரிய வேண்டும். கத்தி தவறினாலும் நகத்தில் ஏறாது. முதல் நாள் கத்தியே இல்லாமல் பத்து முறை மடக்கிக் காட்டச் சொன்னேன். இரண்டாம் நாள் வெண்ணெய் தடவும் கத்தி, வெள்ளரிக்கு அதுவே போதும். சின்ன ரம்பப் பல் கத்தி அதற்குப் பிறகுதான். மொட்டைக் கத்தி பத்திரம் என்று நினைத்துக் கடினமான காய்க்குக் கொடுத்தால், பிள்ளை முழு பலத்தோடு அழுத்தும், கத்தி வழுக்கும். அதனால் கேரட்டை நறுக்கச் சொல்வதில்லை. மகன் துருவுவான், கடைசி ஒரு அங்குலத்தைத் துருவாமல் வாயில் போட்டுக்கொள்வான்.

கத்திக்கு மூன்றே விதி: கையில் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது, விழுந்தால் பிடிக்கப் போகாமல் பின்னால் நகர வேண்டும், வேலை முடிந்ததும் பலகையில் படுக்க வைக்க வேண்டும். அருவாமனையை இந்தக் கூட்டத்தில் நான் எடுப்பதே இல்லை. மேல்நோக்கி நிற்கும் அலகு, தரையில் ஓடும் குழந்தை, சொல்ல வேண்டுமா?

பச்சை மிளகாயும் என் வேலை. அதன் காரம் தண்ணீரில் கரையாது. அதனால் வெறுமனே கழுவிய கை கண்ணுக்குப் போனால் அழுகைதான். எண்ணெய் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவினால் போகும்.

பதினொரு வயதுக்குத் தாளிப்பு

நான் வயதைப் பார்ப்பதை விட உயரத்தைப் பார்க்கிறேன். அடுப்பிலிருக்கும் சட்டியைக் கீழ்நோக்கிப் பார்க்க முடிந்தால் சரி. ஸ்டூல் போட்டு எட்டும் பிள்ளைக்கு அடுப்பு இல்லை. பருத்திச் சட்டை, முழங்கை வரை மடக்கிய கை. தாளிப்புக் கரண்டி வேண்டாம். பர்னர் மேல் அது ஆடும். தட்டையான அடியுள்ள சின்ன வாணலி, பிடி உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

லைட்டரைப் பர்னர் அருகே வைத்துக்கொண்டு குமிழைத் திருப்பி உடனே அழுத்த வேண்டும். இரண்டு தடவையில் பற்றவில்லையென்றால் குமிழை மூடிக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். தீ சின்னதாக. துடைத்த வாணலியில் எண்ணெய், அதில் ஒரே ஒரு கடுகு. அது வெடித்தால் மீதியைப் போட்டு, தட்டைச் சாய்வாகப் பிடிக்கலாம். சடசடப்பு ஓய்ந்ததும் முதலில் அடுப்பை அணைக்க வேண்டும். அப்புறம்தான் பெருங்காயமும் கறிவேப்பிலையும். கையால் போடாமல் நீளக் கரண்டியால் போட வேண்டும். இதெல்லாம் நடக்கும்போது நான் அவன் தோளுக்குப் பக்கத்திலேயே நிற்பேன். வாணலியைத் தூக்கிக் கொட்டுவது இன்னும் நான்தான்.

அடுப்பை அணைத்ததும் ஆபத்து முடிந்தது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். போன வருடம் தாளித்து முடித்த வாணலியை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பினேன். சின்னவள் அதன் விளிம்பைப் பிடித்துவிட்டாள். இரண்டு விரல் நுனி சிவந்தது. டூத் பேஸ்ட், மஞ்சள் என்று ஆளாளுக்கு யோசனை. எதுவும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நாளென்றால் வாளியும் குவளையுமாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். கொப்புளம் போட்டாலோ, முகம், கை, மூட்டில் பட்டாலோ, குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

அன்றிலிருந்து சூடான பாத்திரத்துக்கு அடுப்புக்குப் பின்னால் ஒரு மூலை ஒதுக்கியாயிற்று. எதைத் தூக்கினாலும் "சூடு வருது!" என்று கத்திக்கொண்டேதான் நடக்க வேண்டும், நான் உட்பட. நான் மறந்தால் மகன் விடமாட்டான்: "அப்பா, சத்தம் வரலையே!"

கலக்கும்போது

பருப்பை நன்றாக வடித்து, காய், தேங்காய், மல்லி சேர்த்து, ஆறிய தாளிப்பைக் கொட்டி எலுமிச்சை பிழிய வேண்டும். உப்பு மட்டும் சாப்பிடும் நேரத்தில். முன்னாலேயே போட்டால் வெள்ளரி நீர் விட்டு நசநசத்துவிடும். சின்னவள் கிளறுவாள். கத்தியை நுரை நிறைந்த சிங்க்கில் போட்டுவிடாமல் நானே உடனே கழுவி மேல் தட்டில் வைத்துவிடுவேன்.