கொக்கியை நிற்க வைக்காமல் படுக்க வைத்து அச்சிடுங்கள்

முப்பரிமாண அச்சுப்பொறியில் சுவர்க் கொக்கி செய்வதாக இருந்தால், அதைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அச்சிடுங்கள். பை மாட்டியதும் உடைந்து, மறுபடி அச்சிடும் வேலை பெரும்பாலும் மிச்சமாகும்.

காரணம் அடுக்குகள்தான். பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 200 டிகிரியில் உருக்கப்பட்டு, ஏற்கெனவே ஓரளவு ஆறிவிட்ட அடுக்கின் மேல் விழுகிறது. அதனால் இரண்டு அடுக்குகளுக்கு இடையிலான ஒட்டு, ஒரே இழையாக ஓடும் பிளாஸ்டிக்கைவிட பலவீனமானது. 4 செ.மீ. உயரக் கொக்கியை நிற்க வைத்தால், 0.2 மி.மீ. கனத்தில் 200 அடுக்குகள். எடை அந்த ஒட்டுகளைப் பிரித்து இழுக்கும். படுக்க வைத்தால் இழையே கொக்கியின் வளைவோடு ஓடி எடையைத் தாங்கும். அந்தரத்தில் நிற்கும் பகுதிக்கு முட்டுக்கொடுக்க அச்சிடும் தாங்குகால்களும் தேவைப்படாது, அதுவே நல்ல மிச்சம்.

உடைந்த கொக்கி கையில் இருந்தால் முறிந்த இடத்தைப் பாருங்கள். வெட்டியதுபோல் தட்டையாக இருந்தால் அடுக்கு பிரிந்திருக்கிறது. கரடுமுரடாக இருந்தால் பிளாஸ்டிக்கே முறிந்திருக்கிறது. அப்போது திருப்பி வைத்துப் பயனில்லை, கனத்தைக் கூட்ட வேண்டும்.

எடை தாங்காத அலங்காரப் பொருளுக்கு இது வேண்டாம். பல திசைகளிலிருந்தும் இழுபடும் பாகத்துக்கும் இது மட்டும் போதாது.