மூன்று வீடு, ஒரு நெட்ஃபிளிக்ஸ்: கூடுதல் கட்டணத்தைக் கணக்குப் போடுவது எப்படி?

வெள்ளவத்தையில் அம்மாவும் அப்பாவும், ஸ்காபரோவில் அக்கா, மொன்றியலில் படிக்கும் தம்பி. அக்காவின் கார்டில் ஒரே ஒரு நெட்ஃபிளிக்ஸ் கணக்கு, அதை மூன்று வீடும் பார்க்கிறது. கொழும்பில் வெளிநாட்டு உறவு இல்லாத தமிழ்க் குடும்பம் அபூர்வம் என்பதால், இந்த ஏற்பாடும் இங்கே சர்வசாதாரணம். இப்போது டிவியில் "இந்த வீட்டுக்குரிய கணக்கு இல்லை" என்று வருகிறதா? யார் எவ்வளவு கட்ட வேண்டும், எதைக் கட்டத் தேவையில்லை என்று இந்தக் குடும்பத்தையே உதாரணமாக வைத்து ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில் என்ன மாறியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முன்பு பேக்கேஜின் விலை எத்தனை திரை என்பதை வைத்துத்தான். Standard என்றால் ஒரே நேரத்தில் 2 திரை, Premium என்றால் 4. அந்த நாலு திரையும் எந்த ஊரில் இருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. 2023 பெப்ரவரியில் கனடா, நியூசிலாந்து, போர்த்துக்கல், ஸ்பெயின் ஆகிய நாடுகளில் கேட்கத் தொடங்கினார்கள். மே மாதம் அமெரிக்கா உட்பட நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன, ஜூலையில் மீதமிருந்த நாடுகளில் அநேகமானவை. இப்போது ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும். வேறு வீட்டில் இருப்பவரைச் சேர்க்க வேண்டுமென்றால் Extra member என்று தனிக் கட்டணம். ஆனால் இந்த வசதி எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. இந்தியா, இந்தோனேசியா, கென்யா போன்ற நாடுகளில் விலையைக் குறைத்திருந்ததால், அங்கே கூடுதல் உறுப்பினர் வசதியை விற்கவில்லை. வெளியே இருப்பவர் சொந்தமாகக் கணக்குத் திறக்க வேண்டியதுதான்.

படி 1: கணக்கு எந்த நாட்டுக்குரியது என்று பாருங்கள்

பலரும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். கூடுதல் உறுப்பினராகச் சேர்பவர், கணக்கு திறக்கப்பட்ட அதே நாட்டில் இருக்க வேண்டும். அக்காவின் கணக்கு கனடாவுக்குரியது. ஆகவே அக்கா எவ்வளவு பணம் கட்டத் தயாராக இருந்தாலும், வெள்ளவத்தையில் இருக்கும் அம்மாவை அதில் கூடுதல் உறுப்பினராகச் சேர்க்க முடியாது. மொன்றியலில் இருக்கும் தம்பியைச் சேர்க்கலாம்.

மாதாமாதம் எந்த நாட்டு விலைப்பட்டியலின்படி பணம் போகிறது என்று பார்த்தாலே நாடு தெரிந்துவிடும். பிறகு கணக்கு வைத்திருப்பவர் ஒரு பிரவுசரில் Account பக்கத்தைத் திறந்து Membership பகுதிக்குப் போகட்டும். அங்கே Extra members என்று ஒன்று தென்பட்டால் வசதி உண்டு, விலையும் அங்கேயே இருக்கும். தென்படவில்லை என்றால் அந்த நாட்டுக்கோ அந்தப் பேக்கேஜுக்கோ அது கிடையாது. கணக்கு கொழும்பில் திறந்ததாக இருந்தாலும் இதே பக்கத்தில்தான் பார்க்க வேண்டும், முகநூல் குழுக்களில் கேட்டு அலைய வேண்டியதில்லை.

படி 2: "வீடு" எது என்பதை டிவியில் உறுதிசெய்யுங்கள்

நெட்ஃபிளிக்ஸுக்கு வீடு என்றால் முகவரி அல்ல, ஓர் இணைய இணைப்பு. ஐபி முகவரி, கருவியின் அடையாள எண், கணக்கில் யார் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்ற பழக்கம், இவற்றை வைத்துத்தான் முடிவெடுக்கிறது. ஜிபிஎஸ் பார்ப்பதில்லை. நீங்களாக உறுதிசெய்யாவிட்டால் அதுவாகவே ஒரு வீட்டைத் தீர்மானித்துவிடும்.

உறுதிசெய்வது டிவியில் மட்டும்தான் முடியும். ரிமோட்டால் மெனுவைத் திறந்து இப்படிப் போங்கள்:

```
Get Help > Manage Netflix Household
```

அங்கே Confirm அல்லது Update என்று வரும். அடுத்து மின்னஞ்சலுக்கா, போனுக்கா இணைப்பை அனுப்புவது என்று கேட்கும். அந்த இணைப்பு கணக்குச் சொந்தக்காரருக்குப் போகும், 15 நிமிடத்தில் காலாவதியாகிவிடும். வெள்ளவத்தையில் காலை 10 மணிக்கு அம்மா இதை அழுத்தினால் ஸ்காபரோவில் நள்ளிரவை ஒட்டிய நேரம். அக்கா தூங்கிக்கொண்டிருப்பார்.

தூங்காமல் இருந்து அக்கா அனுமதி கொடுத்துவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. Update என்பதை அழுத்தி ஏற்றுக்கொண்டால் வெள்ளவத்தை "வீடு" ஆகிவிடும், ஸ்காபரோ டிவி வெளியாள் ஆகிவிடும். அம்மா அழுத்த வேண்டியது அதுவல்ல. கொஞ்ச நாளைக்குப் பார்க்க என்று Watch Temporarily இருக்கிறது. அதற்கு நாலு இலக்கக் குறியீடு ஒன்று அக்காவுக்கு வரும், அதற்கும் அதே 15 நிமிடம். பயணம் போகிறவர்களுக்கான வழி அது, நிரந்தர ஏற்பாடாக எண்ண வேண்டாம்.

இனி கொழும்பு வீடுகளில் வரக்கூடிய ஒரு கோளாறு. ஒரே வீட்டில், சொந்தக் கணக்கில், ஒரு டிவி சரியாக ஓடுகிறது, இன்னொன்று "இந்த வீட்டைச் சேர்ந்ததல்ல" என்கிறது. காரணம் பெரும்பாலும் இரண்டு இணைய இணைப்புகள். ஹாலில் ஃபைபர், அறையில் ஒரு 4ஜி ரூட்டர் அல்லது யாருடையதோ போனின் ஹொட்ஸ்பொட். மாடியிலோ அனெக்ஸிலோ தனி இணைப்பு இருந்தாலும் இதே கதைதான். ஒரே கூரைதான், ஆனால் ஐபி முகவரி வேறு. அதனால் நெட்ஃபிளிக்ஸின் கண்ணுக்கு அது வேறு வீடு.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மறுக்கும் டிவியின் நெட்வொர்க் அமைப்பில் எந்த வைஃபையின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அதை ஹால் டிவி இருக்கும் ஃபைபர் வைஃபைக்கு மாற்றி, நெட்ஃபிளிக்ஸை மூடித் திறந்து பாருங்கள். ரூட்டரிலோ டிவியிலோ விபிஎன் ஓடினால் அதை நிறுத்துங்கள். இதற்காக யாரும் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

படி 3: உண்மையிலேயே வெளியே இருப்பவர் யார்?

வீட்டை விட்டுத் தங்கியிருக்கும் எல்லோரும் தனி வீடு ஆகிவிடுவதில்லை. பேராதனையில் படிக்கும் மகள் போனிலோ லெப்டொப்பிலோ பார்க்கிறாள், மாதம் ஒரு முறையாவது கொழும்பு வருகிறாள் என்று வையுங்கள். வந்தபோது வீட்டு வைஃபையில் அந்தக் கருவியை இணைத்து நெட்ஃபிளிக்ஸை ஒரு தடவை திறந்து ஏதாவது ஓடவிட்டால் பொதுவாகப் போதும். திரும்பிப் போனபின் அங்கேயும் ஒரு தடவை திறக்கச் சொல்லுங்கள். தெஹிவளையில் சித்தி வீட்டு டிவியில் தினமும் ஓடுகிறது என்றால் அது வேறு விஷயம். டிவி நகராது, அது தனி வீடுதான்.

மாதம் இவ்வளவு ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் "ஒரு ஸ்கிரீன்" வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறியீடு போவது விற்றவருக்கு. அவர் பதில் சொல்லும் வரைதான் உங்கள் டிவி ஓடும்.

படி 4: கணக்குப் போடுங்கள்

நடைமுறை தொடங்கிய 2023இல் கனடாவில் இருந்த விலைகளை எடுத்துக்கொள்வோம். விலைகள் அதன்பின் ஏறிவிட்டன, ஆனால் கணக்குப் போடும் முறை அதேதான். Premium 20.99 கனடா டொலர், Standard 16.49, விளம்பரத்துடன் வரும் பேக்கேஜ் 5.99, கூடுதல் உறுப்பினர் ஒருவருக்கு 7.99. Standard இல் ஒருவரைச் சேர்க்கலாம், Premium இல் இருவர் வரை.

மூன்று வீட்டுக்காக அக்கா Premium வைத்திருந்தார், 20.99. தம்பியைக் கூடுதல் உறுப்பினராகச் சேர்த்தால் 28.98. ஆனால் இப்போது அக்காவின் வீட்டில் இருப்பது அவரும் கணவரும். அவர்களுக்கு நாலு திரை எதற்கு? Standard க்கு இறங்கி, தம்பிக்கு 7.99 கட்டினால் 24.48.

இன்னொரு வழியும் இருந்தது. தம்பி தானாகவே விளம்பரப் பேக்கேஜ் எடுத்தால் 5.99. கூடுதல் உறுப்பினர் கட்டணத்தைவிடக் குறைவு! மொத்தம் 22.48. விளம்பரம் வரும், உண்மைதான். ஆனால் கூடுதல் உறுப்பினருக்கு ஒரே நேரத்தில் ஒரு திரை, ஒரே ஒரு சுயவிவரம். விளம்பரப் பேக்கேஜில் 2 திரை. படிக்கிற பிள்ளைக்கு நான் இதைத்தான் சொல்வேன். இன்று உங்கள் உறவினர் இருக்கும் நாட்டில் இந்த இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதைப் பார்க்காமல் "கூடுதல் உறுப்பினர்" பொத்தானை அழுத்த வேண்டாம்.

அம்மா அப்பாவுக்குக் கொழும்பிலேயே புதுக் கணக்கு. விளம்பரப் பேக்கேஜ் இலங்கையில் கிடையாது, ஆகவே இங்குள்ள பேக்கேஜ்களில் டிவியில் ஓடக்கூடிய குறைந்த விலையானதைப் பாருங்கள். ஒரே டிவி உள்ள வீட்டுக்கு ஒரு திரை போதும். Mobile என்று பெயருள்ளதை மட்டும் எடுக்காதீர்கள், அது போனிலும் டெப்லெட்டிலும்தான் ஓடும். கணக்கைக் கொழும்பில் இருந்தே, விபிஎன் இல்லாமல் திறக்க வேண்டும். அக்கா அங்கிருந்து திறந்தால் அது கனடாக் கணக்காகிவிடும்.

படி 5: சரியான வரிசையில் மாற்றுங்கள்

அம்மா பாதியில் விட்ட தொடர்கள், சேமித்துவைத்த பட்டியல் எல்லாம் பழைய கணக்கில் அவருடைய சுயவிவரத்தில் இருக்கும். அதை அழிப்பதற்கு முன் மாற்றிக்கொள்ளலாம். அக்கா Account பக்கத்தில் அம்மாவின் சுயவிவரத்தைத் தேர்ந்து Transfer Profile கொடுக்கட்டும். அந்த வசதி அணைந்திருந்தால் முதலில் அதை இயக்கச் சொல்லும், மின்னஞ்சல் ஒன்றும் வரும். பார்த்தவற்றின் வரலாறும் பட்டியலும் புதுக் கணக்குக்குப் போய்ச் சேரும்.

போய்ச் சேர்ந்ததைப் புதுக் கணக்கில் கண்ணால் பார்த்தபின், பழைய கணக்கில் எல்லாக் கருவிகளையும் வெளியேற்றி, கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடைசியாக Premium இலிருந்து கீழே இறங்குங்கள். இறக்கம் உடனே நடக்காது, அடுத்த பில் திகதியில்தான் வரும். அதனால் அந்த மாதம் பழைய தொகையே காட்டினால் பதற வேண்டாம், அடுத்த மாதத் தொகையைப் பாருங்கள்.

கொழும்புக் கணக்கின் கட்டணம் டொலரில் போகும். வங்கி தன் மாற்று வீதத்தில் ரூபாயாக்கும், அதோடு முத்திரைத் தீர்வை போன்ற அறவீடுகளும் சேரலாம். முதல் மாத கார்ட் ஸ்டேட்மென்டில் விழுந்த ரூபாய்த் தொகைதான் அம்மா அப்பாவின் உண்மையான மாதச் செலவு. அக்கா பணம் அனுப்புவதாக இருந்தால் அந்தத் தொகையைச் சொல்லுங்கள்.