கழுவினால் போகாத காட்மியம்: கோகோவில் நாம் செய்யும் தவறுகள்

"ஏனுங்க, கொட்டைய நல்லாக் கழுவிக் காயப்போட்டா அந்தக் காட்மியம் போயிருமுங்களா?"

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராகக் கோகோ வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கேட்டது. கொட்டை வாங்க வந்தவர் உலோகம், ஐரோப்பா, தடை என்று எதையோ பாதி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். போகாதுங்க என்றேன். சிறிய அளவில் சாக்லேட் செய்கிற எனக்கும் இது புரியச் சில வருடம் ஆனது.

முதல் தவறு இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. காட்மியத்தையும் ஈயத்தையும் ஒரே அழுக்காக நினைத்துவிடுகிறோம். இரண்டும் கன உலோகம்தான், ஆனால் வருகிற வழி வேறு. காட்மியம் மண்ணில் இருந்து வேர் வழியாக ஏறிப் பருப்புக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். கழுவினாலும் வறுத்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். ஈயம் பெரும்பாலும் பழத்தை உடைத்த பிறகு, காயவைக்கும்போது தூசியாக வந்து தோலில் ஒட்டுகிறது. ஆகவே காட்மியத்துக்கான வேலை தோப்பில், ஈயத்துக்கான வேலை களத்தில்.

களத்தை முதலில் பார்ப்போம், அதைச் சரிசெய்வது சுலபம். நம் பக்கத்தில் சோளமானாலும் ராகியானாலும் தார் ரோட்டில் கொட்டிக் காயவைப்பது பழகிப்போன காட்சி. கோகோ கொட்டைக்கு அது ஆகவே ஆகாது. புளிக்கவைத்துப் பெட்டியில் இருந்து எடுக்கும் கொட்டை பிசுபிசுவென்று இருக்கும், பறக்கிற தூசியை எல்லாம் பிடித்துக்கொள்ளும். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ல் நின்றுவிட்டது உண்மை. ஆனால் ஈயம் மக்கிப் போகிற பொருளல்ல. ரோட்டோர மண்ணில் அன்று விழுந்தது இன்றும் கிடக்கிறது. பழைய பெயிண்ட் உரியும் சுவரோரமும் இதே கதைதான். எங்கள் முதல் வருடக் கொட்டை ரோட்டோரக் களத்தில்தான் காய்ந்தது. ஆய்வகத்தில் தோலைத் தனியாகவும் பருப்பைத் தனியாகவும் கொடுத்துப் பார்த்தபோது, ஈயம் தோலில்தான் நின்றது. பருப்பில் மிகக் குறைவு. அடுத்த வருடம் இடுப்பளவு உயரத்தில் வலைத் தட்டு கட்டி, மேலே பாலிதீன் கூரை போட்டோம். தோலில் இருந்ததும் குறைந்துவிட்டது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. வறுத்த பிறகு தோலைப் புடைத்து நீக்குவதில் சோம்பல் பட்டால், களத்துத் தூசி அரைவைக்குள் போகும். கோகோ தோலைக் கொதிக்கவைத்து டீயாகக் குடிக்கும் பழக்கம் இப்போது சில இடங்களில் பரவுகிறது. காய்ந்த இடம் தெரியாத தோலை நான் குடிக்க மாட்டேன்.

இனி தோப்பு. காட்மியம் என்றதும் எல்லோரும் உரத்தைத்தான் குற்றம் சொல்கிறார்கள். பாறை பாஸ்பேட்டில் இருந்து செய்கிற சூப்பர், டிஏபி போன்ற உரங்களில் காட்மியம் கொஞ்சம் இருக்கிறது என்பது சரி. ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மரத்துக்கு வருடம் 40 கிராம் மணிச்சத்து, அதாவது பாஸ்பேட் சத்து, போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பா உரத்துக்கு வைத்திருக்கும் வரம்பு, ஒரு கிலோ மணிச்சத்துக்கு 60 மில்லிகிராம் காட்மியம். அந்த வரம்பைத் தொடுகிற உரமாகவே இருந்தாலும் மரத்துக்கு வருடம் 2.4 மில்லிகிராம்தான் சேரும். மரத்தைச் சுற்றி அது கலக்கும் மேல்மண் ஏறக்குறைய ஒரு டன். வருடக் கணக்கில் இது சொற்பம். நாற்பது, ஐம்பது வருடம் சேர்ந்தால்தான் பேசவேண்டிய அளவு வரும். சேர்ந்தது தானாகக் குறையாது என்பதால் உரத்தை அளவோடு போடுவது நல்லது, அவ்வளவுதான்.

இன்றைக்கே விளைச்சலில் தெரிகிற காரணம் வேறு. மண்ணில் எவ்வளவு காட்மியம் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு வேருக்குக் கிடைக்கிறது என்பதே முக்கியம். மண் புளிப்பாக, அதாவது அமிலத் தன்மையோடு இருந்தால் காட்மியம் கரைந்து வேருக்குச் சுலபமாகப் போகும். கார மண் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தொழு உரமும் மக்கும் பிடித்துவைக்கும். தென்னமெரிக்காவில் ஈக்வடார், பெரு நாட்டுக் கொட்டையில் காட்மியம் அதிகமாகவும், மேற்கு ஆப்பிரிக்காவில் குறைவாகவும் வருவதற்கு மண்ணின் பிறப்பே பெரும் காரணம். ஒரு பக்கம் எரிமலை மண்ணும் இளம் வண்டல் மண்ணும், மறுபக்கம் பல யுகமாகக் கழுவப்பட்ட கிழட்டு மண்.

இங்கே நடக்கும் தவறு, எதையோ கேட்டுவிட்டு எல்லாத் தோப்புக்கும் சுண்ணாம்பு போடுவது. புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு உதவும். ஆனால் கோவைப் பக்கத்துக் கரிசலில் பல இடம் ஏற்கெனவே சுண்ணாம்பு மண். அங்கே மேலும் போட்டால் துத்தநாகம் மரத்துக்குக் கிடைக்காமல் போகும். வேர் துத்தநாகத்தை எடுக்கிற வாசல் வழியாகவும் காட்மியம் நுழைகிறது என்பதால், துத்தநாகம் பற்றாத மரத்தில் காட்மியத்துக்குப் போட்டியும் குறைகிறது. மண் பரிசோதனைச் சீட்டில் பிஎச் எண்ணைப் பார்க்காமல் மூட்டை பிரிக்காதீர்கள்.

உப்புத் தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆயிரம் அடி போர்வெல்லில் வரும் உப்புத் தண்ணீரில் குளோரைடு இருக்கும். அது காட்மியத்தோடு சேர்ந்து மண்ணின் பிடியில் இருந்து அதை விடுவித்துவிடும். வாய்க்கால் தண்ணீர் பாயும் தோப்பும் உப்பு போர்வெல் பாயும் தோப்பும் ஒரே மண்ணாக இருந்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நினைக்க வேண்டாம்.

கடைசித் தவறு சாப்பிடுகிறவர்கள் பக்கம். "கறுப்பு சாக்லேட்டில்தான் உலோகம், கோகோ பவுடர் ஒன்றும் செய்யாது" என்கிறார்கள். காட்மியம் கொழுப்பில் தங்காது, மீதியுள்ள பாகத்தில்தான் இருக்கும். ஒரு கிலோ பருப்பில் 0.5 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பருப்பு 70, சர்க்கரை 30 என்று அரைத்த சாக்லேட்டில் கிலோவுக்கு 0.35 வரும். சாக்லேட்டில் கோகோ 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஐரோப்பிய வரம்பு 0.80, ஆகவே தாராளமாகத் தேறும். அதே பருப்பைப் பிழிந்து கொழுப்பை எடுத்துப் பவுடராக்கினால்? பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்பு, பவுடரில் பத்துப் பதினொரு சதவீதம்தான். எனவே காட்மியம் ஏறக்குறைய இரண்டு மடங்காகி 0.97 ஆகிறது. கடையில் விற்கும் பவுடருக்கு அங்கே வரம்பு 0.60. ஒரே கொட்டை, சாக்லேட்டாகத் தேறியது பவுடராகத் தோற்கிறது.

அதற்காகப் பவுடரைக் கண்டு பயப்படவும் வேண்டாம், அளவைப் பாருங்கள். மேலே சொன்ன பவுடரில் 5 கிராம் ஒரு ஸ்பூன் என்றால் கிட்டத்தட்ட 5 மைக்ரோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் வார வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு வாரம் 150, தினம் ஒரு ஸ்பூன் என்றால் 35-க்குள் முடிந்துவிடும். 20 கிலோ குழந்தைக்கு வரம்பே 50தான். அரிசியிலும் காய்கறியிலும் தினமும் கொஞ்சம் வந்துகொண்டே இருக்கும்போது, தினம் ஒரு ஸ்பூன் பவுடர் கலந்த பால் அந்த ஐம்பதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். குழந்தைக்கு வாரத்தில் இரண்டு நாள் போதும் என்று வீட்டில் நிறுத்திவைத்திருக்கிறோம்.

அந்தப் பெரியவருக்கு நான் எழுதிக்கொடுத்தது: பத்துப் பதினைந்து மரத்துக் கொட்டையைக் கலந்து அதில் ஒரு கிலோ எடுத்து, தோலும் பருப்பும் தனித்தனியாகப் பரிசோதனைக்குக் கொடுங்க. மரத்துக்கு மரம் காட்மியம் மாறும், ஒரே மரத்துப் பழத்தை வைத்துத் தோப்பைத் தீர்மானிக்க முடியாது. தோலில் ஈயம் வந்தால் களத்தை மாத்துங்க. பருப்பில் காட்மியம் வந்தால் மண்ணையும் போர்வெல் தண்ணியையும் எடுத்துட்டு வாங்க.