வெளிநாட்டில் ஓடிபி வரவில்லையா? வங்கியைத் திட்டுவதற்கு முன் சிம்மைப் பாருங்கள்

வியட்நாமின் டா நாங் நகரில் ஒரு விடுதி வரவேற்பறையில் உட்கார்ந்து, சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்து டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். ஊர் திரும்பும் நாள் பண்டிகைக்கு முந்தைய நாள் என்பதால் இரண்டே சீட் மிச்சம். கார்டு எண் கொடுத்தாயிற்று. "உங்கள் பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது" என்று திரை சொல்கிறது. போனோ அமைதியாக இருக்கிறது. மீண்டும் அனுப்பு, மீண்டும் அனுப்பு என்று ஐந்து முறை அழுத்தினேன். சீட் போனது. கூடவே அன்றைக்குக் கார்டின் இணையப் பயன்பாட்டையும் வங்கி பூட்டிவிட்டது.

தவறு என்னுடையதுதான். டா நாங்கில் இறங்கியதும் இன்டர்நெட்டுக்காக உள்ளூர் இ-சிம் போட்டுவிட்டு, ரோமிங் பில் வந்துவிடுமோ என்ற பயத்தில் இந்திய சிம்மையே அணைத்து வைத்திருந்தேன். என்னிடம் இதைப் பற்றிக் கேட்டவர்களில் பாதிப் பேர் செய்திருந்ததும் இதையேதான். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

ஓடிபி எந்த வழியில் வருகிறது

எஸ்எம்எஸ்ஸுக்கு இன்டர்நெட் தேவையில்லை. வங்கி அனுப்பும் செய்தி முதலில் உங்கள் இந்திய நிறுவனத்தின் செய்தி மையத்துக்குப் போகிறது. "இந்த எண் இப்போது எங்கே இருக்கிறது?" என்று அந்த மையம் நிறுவனத்தின் பதிவேட்டில் தேடுகிறது. உங்கள் இந்திய சிம் வியட்நாமில் ஏதாவது ஒரு டவரில் பதிவாகியிருந்தால் பதில் கிடைக்கும், செய்தி அங்கே திருப்பப்படும். சிம் அணைந்திருந்தால் செய்தி மையத்திலேயே காத்துக் கிடக்கும், அவ்வப்போது மீண்டும் முயலும். நீங்கள் மறுநாள் சிம்மை இயக்கினால் நேற்றைய ஓடிபி இன்று வந்து சேரும். அதன் ஆயுள் சில நிமிடங்கள்தான் என்பதால் பயன் இருக்காது.

ஆக, நமக்கு வேண்டியது ஒன்றே: இந்திய சிம் அந்த நாட்டு டவரில் பதிவாகியிருக்க வேண்டும். டேட்டா ரோமிங் அணைந்தே இருக்கலாம். பயமுறுத்தும் பில்கள் பெரும்பாலும் டேட்டாவால் வருபவை. ரோமிங்கில் எஸ்எம்எஸ் பெறுவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. உங்கள் திட்டத்தில் எப்படி என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்திய எண்ணுக்கு வரும் அழைப்பை எடுத்துப் பேசினால் காசு போகும். தெரியாத எண் என்றால் அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுங்கள்.

படி 1: சிம்மை இயக்கு, டேட்டாவை மட்டும் அணை

ஐபோனில் `Settings > Mobile Service` போய் இந்திய எண்ணைத் தொடுங்கள். `Turn On This Line` இயங்க வேண்டும், `Data Roaming` அணைந்திருக்க வேண்டும். முந்தைய பக்கத்தில் `Mobile Data` என்பதில் உள்ளூர் இ-சிம் தேர்வாகியிருக்கட்டும். அங்கேயே `Allow Mobile Data Switching` இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளூர் சிக்னல் குறையும்போது போன் தானாக இந்திய சிம்முக்குத் தாவப் பார்க்கும்.

ஆண்ட்ராய்டில் `Settings > Network & internet > SIMs`. சாம்சங்கில் `Settings > Connections` என்பதற்குள் சிம்மும் `Mobile networks` பக்கமும் தனித்தனியாக இருக்கும். எந்தப் போனாக இருந்தாலும் கொள்கை ஒன்றுதான்: சிம் இயங்கும், டேட்டா ரோமிங் அணைந்திருக்கும்.

படி 2: திரையின் மேல் பட்டையைப் படி

இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். இந்திய சிம்முக்கு எதிரே அந்த நாட்டு நிறுவனத்தின் பெயரோ, சிக்னல் கோடுகளோ தெரிந்தால் பதிவாகிவிட்டது என்று பொருள், படி 3-க்குப் போகலாம். `No service` அல்லது `Emergency calls only` என்றே நின்றால் ஒருமுறை விமானப் பயன்முறையை இயக்கி, அரை நிமிடம் கழித்து அணையுங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் பெரும்பாலும் உங்கள் எண்ணுக்குச் சர்வதேச ரோமிங்கே தொடங்கப்படவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ரோமிங்கைத் தொடங்க நிறுவனத்தின் செயலிக்குள் நுழைய வேண்டும். நுழைவதற்கு அது ஓடிபி கேட்கும். எந்த எண்ணுக்கு? அதே எண்ணுக்கு! ப்ரீபெய்டு என்றால் இதற்கு எளிய வழி இருக்கிறது. ஊரில் இருக்கும் யாராவது அவர்கள் போனிலிருந்தே உங்கள் எண்ணுக்கு ரோமிங் பேக் ரீசார்ஜ் செய்யலாம், உங்கள் ஓடிபி அதற்குத் தேவைப்படாது. நீங்கள் இருக்கும் நாடு அந்தப் பேக்கில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். போஸ்ட்பெய்டு என்றால் செயலி ஏற்கெனவே திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாடிக்கையாளர் சேவையைத்தான் பிடிக்க வேண்டும்.

இன்னொரு காரணம் போனில் உள்ள பழைய நெட்வொர்க் அமைப்பு. சிங்கப்பூரில் 2017-லேயே 2ஜி மூடப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 2024-இல் 3ஜியும் போய்விட்டது. எப்போதோ பேட்டரியை மிச்சம் பிடிக்க 2ஜி அல்லது 3ஜி மட்டும் என்று அமைத்து வைத்திருந்தால், அந்த ஊர்களில் போனுக்குப் பிடித்துக்கொள்ள டவரே இருக்காது. நெட்வொர்க் வகையை 4ஜி உள்ள தானியங்கி அமைப்புக்கு மாற்றுங்கள்.

படி 3: வங்கியிடம் கேட்காதே, அக்காவிடம் கேள்

மீண்டும் ஓடிபி கேட்டுச் சோதிப்பதுதான் எல்லாரும் செய்வது. அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் புதிய ஓடிபி வந்ததும் பழையது செல்லாததாகிவிடும். தாமதமாக மூன்று சேர்ந்து வந்தால் எது புதியது என்ற குழப்பம். தவறாக இரண்டு மூன்று முறை போட்டால் பூட்டு விழும்.

அதற்குப் பதில் வாட்ஸ்அப்பில் வீட்டைக் கூப்பிட்டு, "என் எண்ணுக்கு ஒரு சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பு" என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தி அல்ல என்பதை இரண்டு முறை சொல்லுங்கள். என் அக்கா முதலில் வாட்ஸ்அப்பில்தான் 'ஹாய்' போட்டாள்.

அக்காவின் எஸ்எம்எஸ் வந்துவிட்டது, வங்கியுடையது மட்டும் வரவில்லை என்றால் சிம்மும் ரோமிங்கும் சரி. முதலில் செய்திச் செயலியில் ஸ்பேம் பகுதியையும், தெரியாத அனுப்புநர் பகுதியையும் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் கோளாறு வங்கிக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் நடுவில் இருக்கிறது. பத்து நிமிடம் விட்டு ஒரே ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

அக்காவின் செய்தியும் வரவில்லை என்றால் அடுத்த படி.

படி 4: டவரை மாற்று

எனக்கு உதவியது இதுதான். சிம்மை இயக்கியதும் உள்ளூர் நிறுவனம் ஒன்றின் பெயர் வந்தது, கோடுகளும் நிறைய இருந்தன, ஆனால் செய்தி வரவில்லை. நம் நிறுவனத்துக்கு அந்த நாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டாளிகள் இருக்கலாம், எல்லா இணைப்பும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

ஐபோனில் இந்திய எண்ணுக்குள் `Network Selection` போய் `Automatic` என்பதை அணையுங்கள். ஆண்ட்ராய்டில் `Automatically select network` என்பதை அணைக்க வேண்டும், சாம்சங்கில் அது `Network operators` என்பதற்குள் இருக்கும். பட்டியல் வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதில் வேறொரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கவில்லை என்றால் அடுத்தது. நான் இரண்டாவதைத் தொட்ட அரை நிமிடத்தில் போன் அதிர ஆரம்பித்தது: அக்காவின் 'டெஸ்ட்', பிறகு ஐந்து செத்துப்போன ஓடிபிகள், கடைசியாகக் கார்டு பூட்டப்பட்டது என்ற அறிவிப்பு. பழைய செய்திகள் இப்படிக் கும்பலாக வந்தால் பாதை திறந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் புதிய ஓடிபி கேளுங்கள்.

எதுவுமே நடக்கவில்லை என்றால்

ஓடிபி தேவைப்படாத வழிக்கு மாறுங்கள். ஏடிஎம்மில் பணம் எடுக்கப் பின் எண் போதும். கடையில் கார்டைச் செருகிப் பின் எண் போட்டாலும் ஓடிபி கேட்காது. ஆனால் கார்டில் சர்வதேசப் பயன்பாடு திறந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2020 அக்டோபரிலிருந்து புதிய கார்டுகள் அது மூடப்பட்ட நிலையில்தான் வருகின்றன. இந்தியத் தளத்தில் பணம் கட்ட வேண்டுமா, ஊரிலேயே தொடங்கி வைத்த யுபிஐ போனில் இருக்கிறதா? முயன்று பாருங்கள், அதில் யுபிஐ பின் மட்டும்தான். எனக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை.

பதற்றத்தில் வங்கிச் செயலியையோ யுபிஐ செயலியையோ நீக்கிவிட்டு மீண்டும் போடாதீர்கள். மீண்டும் தொடங்கும்போது அது உங்கள் சிம்மிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் வெளியே அனுப்பி எண்ணை உறுதி செய்யும். வராத சிக்கலோடு போகாத சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

சிம்மை அம்மாவின் போனில் போட்டுவிட்டுப் போய், ஓடிபியைப் போனில் கேட்டு வாங்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. வங்கி விதிப்படி ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது. அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு: "ஓடிபியைப் படித்துச் சொல்லு" என்று அம்மாவைப் பழக்கிவிட்டால், நாளைக்கு வேறு எவன் கேட்டாலும் படித்துச் சொல்வார். எஸ்எம்எஸ்களைத் திருப்பி அனுப்பும் செயலிகளும் அப்படித்தான், உங்கள் ஓடிபி முழுவதையும் ஒரு அந்நியர் எழுதிய நிரலிடம் கொடுக்கிறீர்கள். கால் ஃபார்வர்டிங் போட்டுவிட்டுக் கிளம்புபவர்களும் உண்டு. அது அழைப்பை மட்டும்தான் திருப்பும், எஸ்எம்எஸ்ஸை அல்ல.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்

ரோமிங்கை இங்கேயே தொடங்கிவிடுங்கள். நிறுவனத்தின் செயலிக்குள் நுழைந்து வெளியேறாமல் வைத்திருங்கள். ப்ரீபெய்டு ரீசார்ஜ், திரும்பி வரும் நாளையும் தாண்டிச் செல்லுபடியாக வேண்டும். வங்கிக்குள் போய் மின்னஞ்சல் முகவரி சரியாக இருக்கிறதா, மின்னஞ்சலிலும் ஓடிபி தருவார்களா என்று கேளுங்கள். சில வங்கிகள் தருகின்றன.

இந்திய எண்ணை இ-சிம்மாக மாற்ற நினைத்தால் கிளம்பும் நாளில் செய்யாதீர்கள். சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வரவும் போகவும் தடை உண்டு. சிம்மைத் திருடிக் கணக்கைச் சுரண்டுபவர்களைத் தடுக்க 2022-இல் தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் விமானத்தில் ஏறும் நாளில் அது உங்களையே தடுக்கும்.

அங்கே இறங்கியதும், டாக்ஸி பிடிப்பதற்கு முன், விமான நிலைய வைஃபை கையில் இருக்கும்போதே வீட்டிலிருந்து ஒரு சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.