ஊரைவிட்டுப் போகும் அட்மினின் கடிதம்: நான் செய்த தவறுகள்

மதுரையில் ஒரு ரத்த தான வாட்ஸ்அப் குரூப்பை ஏழு வருடம் நடத்தினேன். டொராண்டோவில் வேலை கிடைத்துக் கிளம்பிய இரவு, சென்னை விமான நிலையத்தில் உட்கார்ந்து விடைபெறும் கடிதத்தைத் தட்டி அனுப்பினேன். நீளமான கடிதம்தான். படித்தவர்கள் கண்கலங்கியதாகப் பிறகு சொன்னார்கள். ஆனால் அதை அனுப்பிய பின் இருபது மணி நேரத்துக்கு மேல் அந்தக் குரூப்பில் ஒருவராலும் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

காலை வணக்கப் பூக்களும் ஃபார்வேர்டுகளும் தாங்காமல், அட்மின் மட்டுமே எழுதலாம் என்று எப்போதோ குரூப்பைப் பூட்டி வைத்திருந்தேன். அட்மின் நான் ஒருவன்தான். கடிதத்தில் "இனி செல்லூர் அண்ணன் பார்த்துக்கொள்வார்" என்று உருக்கமாக எழுதினேனே தவிர, அவர் பெயரைத் தொட்டு Make group admin கொடுக்க மறந்துவிட்டேன். விடிகாலையில் பிரசவ வார்டுக்கு ஓ நெகட்டிவ் இரண்டு யூனிட் வேண்டும் என்று அண்ணனுக்குக் கோரிக்கை வந்திருக்கிறது. என் போன் ஃபிளைட் மோடில் கிடந்தது. அண்ணன் தன் போனில் இருந்த எண்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழைத்து, ஒன்பது மணிக்குள் இரண்டு பேரைப் பிடித்துவிட்டார்.

நான் பூட்டாமல் வைத்திருந்து, கடிதத்தோடு குரூப்பைவிட்டு வெளியேறியும் இருந்தால் அது வேறு வகைக் கூத்தாகியிருக்கும். ஒரே அட்மின் வெளியேறினால் வாட்ஸ்அப் தானாக யாரோ ஒருவரை அட்மினாக்கிவிடும். அந்த யாரோ, குரூப்பை ஆறு மாதமாகத் திறந்தே பார்க்காதவராகவும் இருக்கலாம்.

அதனால் முதலில் வேலை கைமாற வேண்டும், கடிதம் அதற்கு அப்புறம்தான். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே புதியவரை அட்மினாக்கி, வரும் கோரிக்கைகளை அவரையே பார்க்கவிட்டு, நாம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நமக்குப் பழகிப்போய்ச் சொல்லாமல் விட்டவை அந்த இரண்டு வாரத்தில்தான் தெரியவரும். உதாரணத்துக்கு, "பிளேட்லெட் வேண்டும்" என்று வந்தால் நான் யோசிக்காமலே "சிங்கிள் டோனரா, சாதாரணமா?" என்று திருப்பிக் கேட்பேன். சிங்கிள் டோனர் என்றால் கொடையாளர் மெஷினோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டும், கை நரம்பும் அதற்குத் தோதாக இருக்க வேண்டும். சட்டென்று வந்து கொடுத்துவிட்டு ஓடுகிறவரை அதற்கு அனுப்ப முடியாது. இதை நான் அண்ணனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இன்னொன்று, சம்மதம். "நீங்கதானே பாத்துப்பீங்க" என்று டீக்கடையில் கேட்டதற்கு அவர் தலையாட்டியதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அவர் மில்லில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். மதியம் இரண்டிலிருந்து பத்து வரை போனைக் கையில் எடுக்க முடியாது. முன்பே உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த நேரத்துக்கு இன்னொரு அட்மின் வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும். புதியவரை அறிமுகப்படுத்தும்போது "தங்கமான மனிதர், தன்னலமற்றவர்" என்று நான்கு வரி எழுதியிருந்தேன். அவர் எப்போது போன் எடுப்பார் என்ற ஒரு வரி அதில் இல்லை. குரூப்பில் இருப்பவருக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

அடுத்தது, எல்லோரும் செய்யும் தவறு. "எங்கிருந்தாலும் குரூப்பைக் கவனித்துக்கொண்டுதான் இருப்பேன்" என்று எழுதுவது. எழுதும்போது மனசு நிறைந்திருக்கும். டொராண்டோ குளிர்காலத்தில் நம்மைவிட பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. மதுரையில் காலை பதினொரு மணிக்கு ரத்த வங்கியில் பரபரப்பாக இருக்கும்போது அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. அந்த ஒரு வரியை நம்பி முதல் மூன்று மாதம் பாதிப் பேர் எனக்கே கோரிக்கை அனுப்பினார்கள். நான் எழுந்து பார்க்கும்போது மதுரையில் சாயங்காலம் ஆகியிருக்கும். அதற்குள் நோயாளியின் மகனோ கணவனோ வேறு நாலு குரூப்பில் போட்டு அலைந்து முடித்திருப்பார்.

சரி, அட்மினாக இல்லாமல் சும்மா இருந்துவிட்டுப் போகலாமே என்றால், குரூப்பைத் தொடங்கியவருக்கு ஒரு சிக்கல் உண்டு. மற்ற அட்மின்களால் அவரை நீக்க முடியாது. அவராக வெளியேறும்வரை அவர் அட்மின்தான். ஊரில் இல்லாத ஒருவர், எண்ணும் மாறப்போகிறவர், நீக்க முடியாத அட்மினாக உட்கார்ந்திருப்பது நல்லதல்ல. ஒரு தேதியைச் சொல்லி வெளியேறிவிட்டு, வேண்டுமானால் புது அட்மின் நம்மைச் சாதாரண உறுப்பினராகத் திரும்பச் சேர்க்கட்டும். நான் அப்படித்தான் செய்தேன், ஆனால் நான்கு மாதம் கழித்து.

எண் மாறுவதைப் பற்றி என் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல், பேலன்ஸும் இல்லாமல் விட்டால் கம்பெனி அதை முடக்கலாம். அதன்பின் குறைந்தது இன்னும் 90 நாள் கழித்து அதே எண் வேறொருவருக்குப் போகலாம். ரத்த தான எண் என்பது நம் நண்பர்களிடம் மட்டும் இருப்பதல்ல. வார்டு நர்ஸ் நோட்டில் இருக்கும், ஆம்புலன்ஸ் டிரைவர் போனில் இருக்கும். ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு புண்ணியவான் புது சிம் வாங்கி, நடுராத்திரியில் "பி பாசிட்டிவ் கிடைக்குமா சார்" என்று அழுகையோடு வரும் அழைப்பை எடுக்க வேண்டிவரும். அதனால் பழைய எண் எந்தத் தேதிவரை உயிரோடு இருக்கும் என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே போய்ப் புது எண் வாங்கியதும் வாட்ஸ்அப்பில் Change number கொடுத்துவிட்டால், நாம் இருக்கும் குரூப்புகளுக்கு அதுவே தெரிவித்துவிடும்.

இனி, நான் செய்ததிலேயே மோசமானது. கொடையாளர் பட்டியல் கூகுள் ஷீட்டில் இருந்தது. பெயர், எண், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி. அந்தத் தேதிதான் பட்டியலின் உயிர். ஆண்கள் ஒருமுறை கொடுத்தால் 90 நாளும் பெண்கள் 120 நாளும் இடைவெளி விட வேண்டும். அந்தத் தேதியைப் பார்க்காமல் அழைத்தால் பாதி அழைப்பு வீண். "எல்லாம் வெளிப்படையாக இருக்கட்டும்" என்ற நல்லெண்ணத்தில் லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம் என்று மாற்றி, லிங்கைக் கடிதத்தின் அடியிலேயே ஒட்டிவிட்டேன். ஒரு வாரத்துக்குள் இரண்டு பெண் கொடையாளர்களுக்குத் தெரியாத எண்களிலிருந்து "ஹாய்" வர ஆரம்பித்தது. ஒருவர் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார். எடுத்தோம். திரும்ப வரவில்லை.

பட்டியல் கடிதத்தில் வரவே கூடாது. ஷீட்டின் உரிமையைப் புது அட்மினின் கணக்குக்கு Transfer ownership மூலம் மாற்ற வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டால்தான் அது மாறும் என்பதால், பக்கத்தில் உட்கார்ந்தே செய்துவிடுவது நல்லது. "பட்டியல் இவரிடம் ஒப்படைக்கப்பட்டது" என்று கடிதத்தில் ஒரு வரி போதும். குரூப்புக்கென்று பணம் ஏதாவது நம் வங்கிக் கணக்கில் இருந்தால் அதையும் முன்பே கொடுத்துவிட வேண்டும். வெளிநாட்டில் குடியேறினால் நம் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றியாக வேண்டும். அந்த அலைச்சலுக்கு நடுவில் பொதுப்பணம் வேறு எதற்கு?

நன்றி சொல்வதிலும் சறுக்கினேன். பதினேழு பேரின் பெயரைப் போட்டு நன்றி சொன்னேன். விட்டுப்போனது அனுப்பானடி அக்கா. அவருக்கு ஹீமோகுளோபின் 12.5-ஐத் தொட்டதே இல்லை, அதனால் ஒருமுறைகூட ரத்தம் கொடுத்ததில்லை. ஆனால் நள்ளிரவுக் கோரிக்கைகளுக்கெல்லாம் உட்கார்ந்து ஆட்களை அழைத்தவர் அவர்தான். கொடுத்தவர்களின் பட்டியலைப் பார்த்து எழுதினேன், அவர் அதில் இல்லை. அவர் எதுவும் சொல்லவில்லை. அண்ணன்தான் ஒருநாள் போனில் சொன்னார். பெயர் அடுக்கினால் யாராவது விடுபடத்தான் செய்வார்கள். செய்த வேலையைச் சொன்னால் அதைச் செய்தவருக்குத் தெரியும். நோயாளி யார், என்ன நோய் என்பதை மட்டும் நெகிழ்ச்சிக்காகக்கூட எழுதிவிடக் கூடாது.

இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்:

"அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காக 20-ஆம் தேதி கனடா போகிறேன். இரண்டு வாரமாகக் கோரிக்கைகளைப் பார்ப்பது செல்லூர் அண்ணன்தான், கவனித்திருப்பீர்கள். இன்று முதல் அவரே அட்மின். அவருக்கு ஷிஃப்ட் இருக்கும் மதியம் 2 முதல் இரவு 10 வரை அனுப்பானடி அக்கா பார்ப்பார். இருவர் எண்ணும் குரூப் விவரத்தில் இருக்கிறது. கோரிக்கை அனுப்பும்போது எப்போதும்போல மருத்துவமனை, வார்டு, ரத்த வகை, எத்தனை யூனிட், கூட இருப்பவர் எண் ஐந்தும் வேண்டும். ரத்த வங்கியில் கேட்டு உறுதி செய்த பிறகே குரூப்பில் போடுவார்கள். பணம் கேட்கும் 'கொடையாளர்' யாராவது வந்தால் உடனே சொல்லுங்கள். கொடையாளர் பட்டியல் அண்ணனிடம் ஒப்படைத்தாயிற்று, வேறு யாரிடமும் இல்லை. என் பழைய எண் மாதக் கடைசிவரை மட்டும். 20-ஆம் தேதி குரூப்பைவிட்டு வெளியேறுகிறேன், அதன்பின் எனக்குக் கோரிக்கை அனுப்ப வேண்டாம், நேரத்துக்குப் பார்க்க முடியாது. கொடுத்தவர்களுக்கும், வந்து ஹீமோகுளோபின் குறைவென்று திரும்பிப் போனவர்களுக்கும், தான் கொடுக்க முடியாவிட்டாலும் தூங்காமல் ஆள் தேடியவர்களுக்கும் நன்றி. தீபாவளி அன்று இரவு இலையில் உட்கார்ந்தவர் பாதியில் கை கழுவிவிட்டு வந்ததை மறக்க மாட்டேன்."

இதைக் குரூப்பில் Pin செய்து வைக்கலாம். ஆனால் Pin அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும், அதனால் எண்களும் நேரமும் குரூப் விவரத்திலும் இருக்க வேண்டும். குரூப்புக்கு வெளியே ஒட்டியிருப்பவை தனி வேலை. பெரியாஸ்பத்திரிப் பக்கம் ஒரு டீக்கடைச் சுவரில் என் பழைய எண் நேற்றுவரை இருந்ததாம். அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி அண்ணன் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.